72 அறைக்கு எத்தனை கிலோ பொங்கல்?

மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 80 அறைகள் கொண்ட ஒரு நடுத்தர ஹோட்டலைக் கற்பனை செய்துகொள்வோம். அறை வாடகையிலேயே காலை டிபனும் அடக்கம். கீழ்த்தளத்தில் பஃபே. இட்லி, வடை, பொங்கல், பூரி, சாம்பார், மூன்று சட்னி, ரொட்டி, முட்டை, பழம், ஜூஸ். தோசை மட்டும் கேட்டால் கல்லில் ஊற்றித் தருவார்கள். ஒரு புதன்கிழமை காலை 72 அறைகளில் ஆள் இருக்கிறார்கள். அந்த வார ஞாயிறு நல்ல முகூர்த்த நாள். அன்றும் 72 அறைகள். இரண்டு நாளும் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது.

சமையலறைக்கு இந்த 90 சதவீதம் மட்டும் போய்ச் சேர்ந்தால் இரண்டு நாளும் ஒரே அண்டாவில் ஒரே அளவு பொங்கல் கொதிக்கும். ஆனால் இந்த இரண்டு காலைகளும் ஒன்றல்ல. எங்கே வேறுபடுகின்றன, அதை முதல் நாளே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே ஒரே ஒரு பண்டத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்கப்போகிறோம். பொங்கலை எடுத்ததற்குக் காரணம் உண்டு. தோசையைப்போல ஆள் வந்தபின் செய்ய முடியாது. இட்லியைப்போலப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அடுத்த ஈடு இறக்கவும் முடியாது. முன்கூட்டி முடிவெடுத்தே ஆகவேண்டிய பண்டம் அது. கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் அமைத்தவை.

முதலில் புதன்கிழமை. வாரநாளில் இப்படிப்பட்ட ஹோட்டலில் தங்குபவர்களில் பெரும்பாலோர் வேலையாக வந்தவர்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், ஆடிட்டர்கள், வங்கி அதிகாரிகள். அறைக்கு ஒருவர், சில அறைகளில் இருவர். ஆகவே 72 அறைகளில் 98 பேர். அவர்களில் 12 பேர் டிபன் சேராத வாடகையில் தங்கியவர்கள். மீதி 86 பேருக்கு டிபன் உண்டு. உண்டு என்பதற்காக எல்லோரும் வருவதில்லை. வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஒருவர் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார். இன்னொருவர் வாடிக்கையாளர் வீட்டில் சாப்பிடப் போகிறார். மதுரைக்கு வந்துவிட்டு ஹோட்டலுக்குள்ளேயே இட்லி சாப்பிடுவதா என்று தெருமுனைக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. பழைய புதன்கிழமைகளின் பதிவைப் பார்த்தால் டிபன் உள்ளவர்களில் 100க்கு 82 பேர் வருகிறார்கள். அந்தக் கணக்கில் 70 பேர். வெளியிலிருந்து காசு கொடுத்துச் சாப்பிட வருகிறவர்கள் மூவர். மொத்தம் 73. ஹோட்டல்காரர்கள் இதை '73 கவர்' என்பார்கள்.

இப்போது ஞாயிறு. அதே 72 அறைகளில் 40 அறைகளை ஒரு கல்யாண வீட்டார் எடுத்திருக்கிறார்கள். அறைக்கு மூன்று பேர் என்று 120 பேர். மீதி 32 அறைகளில் குடும்பத்தோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வந்தவர்கள், 80 பேர். ஆக 200 பேர். புதன்கிழமை விகிதத்தை அப்படியே போட்டால் 164 கவர் என்று வரும். ஆனால் முகூர்த்தம் காலை 6 மணி முதல் 7.30க்குள். அந்த 120 பேரும் குளித்து உடுத்து ஐந்தரைக்கே மண்டபத்துக்குப் போயிருப்பார்கள். டிபன் மண்டபத்திலேயே நடக்கும். அறையில் தங்கிவிட்ட பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று 100க்கு 15 பேர்தான் கீழே வருவார்கள். அதாவது 18 பேர். கோயிலுக்கு வந்த 80 பேரில் 6 பேருக்கு டிபன் கிடையாது. மீதி 74 பேரில் 100க்கு 90 பேர் வருவார்கள், 67 பேர். மொத்தம் 85 கவர்.

164 எங்கே, 85 எங்கே! ஹோட்டல் நிரம்பி வழிந்தாலும் பஃபே பாதிக்கூடத்தோடு நிற்கும் நாள் இது. முகூர்த்த நாட்களை ஒட்டித் தொழில் நடக்கும் ஊர்களில் இதைத் தெரிந்துகொள்ளாமல் காலை டிபனைக் கணிக்க முடியாது. அதோடு முகூர்த்த நாள் என்று தெரிந்தால் மட்டும் போதாது. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல் என்றால் பாதிப்பேர் ஹோட்டலில் காப்பி குடித்து இரண்டு இட்லி தின்றுவிட்டுத்தான் கிளம்புவார்கள். சாயங்கால வரவேற்புக்கு வந்தவர்கள் என்றால் அன்று காலை எல்லோருமே கீழே இறங்குவார்கள். ஆகவே, அறை பதிவு செய்யும்போதே ஃப்ரண்ட் ஆபீஸ் இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். முகூர்த்தம் எத்தனை மணிக்கு? காலை டிபன் மண்டபத்திலா, இங்கேயா? இந்த இரண்டு பதிலுக்கு ஈடாக எந்தப் பழைய பதிவும் நிற்காது.

இதனால்தான் 'வருகை விகிதம்' என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்வது தவறு. விருந்தினரை வகை பிரித்து, வகைக்கு ஓர் எண் வைக்க வேண்டும். வேலையாக வந்தவர்கள் ஒரு வகை, குடும்பம் ஒரு வகை, கல்யாண வீடு ஒரு வகை. சுற்றுலாக் குழு இன்னொரு வகை. பஸ்ஸில் வரும் குழு ஏறக்குறைய முழுமையாக வரும். ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போதே வரிசையில் நிற்கும், எட்டுக்குள் எழுந்துவிடும். அதே குழு விடியற்காலை விமானத்துக்குக் கிளம்பினால் ஒருவர்கூட வரமாட்டார். அவர்களுக்குப் பொட்டலம் கட்டித் தரவேண்டியிருக்கும். கோயிலுக்கு வந்த குடும்பங்கள் நேர்மாறு. விடியலில் தரிசனத்துக்குப் போய்விட்டு ஒன்பதுக்கு மேல் பசியோடு மொத்தமாகத் திரும்புவார்கள். நாலைந்து வகைக்கு மேல் பிரிக்கத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு வகைக்கும் பழைய நாட்கள் போதாமல் எண்கள் ஆட ஆரம்பிக்கும்.

ஆள் எண்ணிக்கை கிடைத்துவிட்டது. இனி, ஆளுக்கு எவ்வளவு பொங்கல்?

இதற்கு வழி எளிது என்றுதான் தோன்றும். செய்த எடையில் மிஞ்சிய எடையைக் கழித்து, வந்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு இத்தனை கிராம் என்று வந்துவிடும். எல்லோரும் பொங்கல் எடுப்பதில்லை. எடுக்காதவரையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி, அது பரவாயில்லை. நம் ஹோட்டலில் கடைசி ஆறு ஞாயிறுகளின் பதிவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 70, 75, 68, 72, 60, 74 கிராம். சராசரி 70. ஐந்தாவது ஞாயிறு மட்டும் 60க்கு இறங்கியிருக்கிறது. அன்று யாருக்கும் பொங்கல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிடலாம்.

அப்படிக் கடந்துவிடக்கூடாத இடம் இதுதான். அந்த ஞாயிறு 6 கிலோ செய்தார்கள், 100 பேர் வந்தார்கள், மிச்சம் எதுவும் இல்லை. 6000 கிராமை 100 ஆல் வகுத்தால் 60. ஆனால் பொங்கல் 9.10க்கே தீர்ந்துவிட்டது. அதுவரை வந்திருந்தவர்கள் 70 பேர். பின்னால் வந்த 30 பேர் காலிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு இட்லிப் பக்கம் திரும்பினார்கள். 6000 கிராமைச் சாப்பிட்டவர்கள் 70 பேர்தான். அப்படியானால் ஆளுக்கு 86 கிராம். ஆறு ஞாயிறுகளிலும் பொங்கல் மிக அதிகமாக ஓடிய நாள் அதுவே. பதிவேட்டில் அது மிகக் குறைவாக ஓடிய நாளாக உட்கார்ந்திருக்கிறது.

தீர்ந்துபோன நாளில் நமக்குத் தெரிவது எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதுதான். எவ்வளவு சாப்பிட்டிருப்பார்கள் என்பது தெரியாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத ஹோட்டலில் ஒரு சுழல் உருவாகும். பொங்கல் தீர்ந்ததால் எண் இறங்கும். எண் இறங்கியதால் அடுத்த வாரம் குறைவாகச் செய்வார்கள். குறைவாகச் செய்ததால் இன்னும் சீக்கிரம் தீரும். மிச்சமே இல்லை, பிரமாதமான கணிப்பு என்று மேலாளர் பாராட்டிக்கொண்டிருப்பார். ஒன்பதரைக்கு வரும் குடும்பத்துக்குப் பொங்கல் கிடைக்காத செய்தி அந்தப் பாராட்டுக்குள் வராது. இதற்கு மருந்து ஒரு சிறு கட்டம். பதிவேட்டில் 'மிச்சம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'தீர்ந்த நேரம்' என்று இன்னொரு கட்டம் போட வேண்டும். அந்த நேரம் வரை வந்தவர்களால் வகுத்தால் உண்மைக்கு அருகில் போய்விடலாம். முழு உண்மை என்று சொல்லமாட்டேன். ஏழு மணிக்கு வருகிற ஒண்டி ஆளும் ஒன்பதரைக்கு வருகிற குழந்தை குட்டிக்காரர்களும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. ஆனால் 60 என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். இன்னொன்று, அன்றைய இட்லிக் கணக்கும் கெட்டுத்தான் போயிருக்கும். பொங்கல் கிடைக்காதவர்கள் தின்ற இட்லி அதில் ஏறியிருக்கிறது. ஆகவே ஒரு பண்டம் தீர்ந்த நாளில் அதற்கு மாற்றாகப் போகும் பண்டத்தின் எண்ணையும் சராசரியில் சேர்க்காமல் விடுவது நல்லது.

மிச்சத்தை நிறுப்பதிலும் இப்படிச் சில பள்ளங்கள் உண்டு. பல ஹோட்டல்களில் பஃபே முடிந்ததும் மீதி நேரே ஊழியர் சாப்பாட்டுக்குப் போய்விடும். சாப்பிடுவது நல்ல காரியம்தான். ஆனால் நிறுக்காமல் போனால் அதுவும் விருந்தினர் தின்றதாகவே கணக்கில் ஏறும். பொங்கலுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சூடு தட்டில் இருக்க இருக்க அது இறுகும். பரிமாறுகிறவர் வெந்நீரோ பாலோ நெய்யோ விட்டு இளக்குவார். செய்தபோது 6 கிலோவாக இருந்தது நடுவில் அரை கிலோ கூடிவிடும். இளக்குவதற்கு விட்டது எவ்வளவு என்று குத்துமதிப்பாவது குறிக்க வேண்டும்.

சரி, ஐந்தாவது ஞாயிறைத் திருத்தியபின் எண்கள் 70, 75, 68, 72, 86, 74. சராசரி 74. 85 கவருக்கு 6.3 கிலோ.

6.3 கிலோ செய்யலாமா? கூடாது. சராசரி அளவுக்குச் செய்தால் ஏறக்குறைய பாதி நாட்கள் குறைபடும். எவ்வளவு கூடுதலாகச் செய்யலாம் என்பதை முடிவு செய்வது இரண்டு செலவுகளின் விகிதம். ஒரு தட்டுப் பொங்கல் மிஞ்சினால் போவது அரிசி, பருப்பு, நெய், முந்திரி, எரிவாயு. குறைந்தால் போவது அந்த விருந்தினரின் திருப்தி. அதற்கு ரூபாயில் விலை போடுவது கடினம், ஆனாலும் எந்த மேலாளரைக் கேட்டாலும் மிஞ்சுவதைவிடப் பல மடங்கு பெரிது என்பார். குறைவு மிச்சத்தைப்போல ஒன்பது மடங்கு வலிக்கும் என்றால், பத்து நாளில் ஒன்பது நாள் போதுமான அளவைச் செய்வதே சரியான கணக்கு. நான்கு மடங்குதான் வலிக்கும் என்றால் ஐந்து நாளில் நான்கு நாள் போதும். பண்டத்துக்குப் பண்டம் இது மாறும். பொங்கல், இட்லி, சாம்பார் தீரக்கூடாது. கார்ன்ஃபிளேக்ஸ் பக்கத்தில் வைக்கும் ஒரு பழச்சாறு தீர்ந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

நம் ஆறு ஞாயிறுகளில் உயர்ந்தது 86 கிராம். 85 பேருக்கு 7.3 கிலோ. அடுத்த உயர்வான 75 என்றால் 6.4. இரண்டுக்கும் நடுவில், மேல்பக்கம் சற்றுச் சாய்ந்து, 7 கிலோ என்று முடிவு செய்யலாம்.

பாதுகாப்புக்காகக் கூட்டுவது இந்த ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடைமுறையில் மூன்று இடத்தில் நடக்கிறது. ஃப்ரண்ட் ஆபீஸ்காரர், யாராவது கடைசி நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று எண்ணிக்கையில் 10 சதவீதம் ஏற்றிச் சொல்கிறார். செஃப், அவர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்று தன் பங்குக்கு 10 சதவீதம் ஏற்றுகிறார். அரிசி அளந்து போடுகிறவர், கைவிசாலமாக இன்னும் 10 சதவீதம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது 33 சதவீதம் ஆகிவிடும். ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கூட்டினார்கள், யாரும் தவறு செய்யவில்லை. நம் ஞாயிற்றுக்கிழமையை இந்த வழியில் நடத்திப் பாருங்கள். 164 கவர், ஆளுக்கு 74 கிராம், 12 கிலோ. அதன்மேல் 33 சதவீதம் ஏறினால் 16 கிலோ. நம் கணக்கு சொல்வது 7.

எண்ணிக்கை சொல்பவர் தனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்ல வேண்டும். இரவு 11 மணி சுமாருக்கு நைட் ஆடிட்டர் சமையலறைக்குப் போன் செய்யும் பேச்சு இப்படி இருந்தால் போதும்.

"செஃப், ஹவுஸ் கவுண்ட் 200. கல்யாண குரூப் 120, முகூர்த்தம் ஆறு டு ஏழரை, டிபன் மண்டபத்துல. மத்தது 80, அதுல ஆறு பேருக்கு பிரேக்ஃபாஸ்ட் இல்ல."

"நீங்க ஏத்திச் சொல்லலையே தம்பி?"

"இல்ல செஃப், இருக்கறதச் சொல்றேன். எவ்வளவு ஏத்தணும்னு நீங்க பாத்துக்கங்க."

ஆனால் இரவு 11 மணிக்கு வரும் இந்தத் தகவல் இட்லிக்குப் பயன்படாது. இட்லி அரிசியை முதல் நாள் நண்பகலிலேயே ஊறப்போட வேண்டும். சாயங்காலம் ஆட்டி, இரவெல்லாம் புளிக்கவிட்டால்தான் காலையில் மாவு தயார். நண்பகலில் ஹோட்டலில் எத்தனை அறை நிரம்பும் என்பதே முழுசாகத் தெரியாது. அப்போது 64 அறை பதிவாகியிருக்கும். அதற்குமேல் நேரில் வருகிறவர்கள், ரத்து செய்கிறவர்கள், சொல்லாமலே வராமல் போகிறவர்கள். ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமைகளில் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் நடுவில் சராசரியாக எட்டு அறை கூடும் என்று பழைய பதிவு சொன்னால் 72 என்று எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கு இரண்டு இட்லிக்குச் சற்று மேல், ஆக 180 இட்லி. ஒரு கிலோ இட்லி அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் ஐம்பதுக்குச் சற்று மேல் கிடைக்கும். 4 கிலோ அரிசி ஊறவைக்கலாம். அரிசியின் ரகமும் குழியின் அளவும் மாறினால் இந்த எண்ணிக்கையும் மாறும் என்பதால் ஒவ்வொரு சமையலறையும் தன் அளவை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நல்ல செய்தி, மாவில் தாராளமாக இருக்கலாம். மீந்த மாவு குளிர்பெட்டிக்குப் போய் மறுநாள் தோசையாகவோ ஊத்தப்பமாகவோ வந்துவிடும். அவித்த இட்லிதான் திரும்பாது. ஆகவே மாவு அளவில் மேலாகவும், அவிக்கும் ஈட்டில் கஞ்சத்தனமாகவும் இருப்பதே முறை. பண்டங்களை இப்படிப் பார்ப்பவருக்கு ஒன்று புரியும். எதை எப்போது திரும்பப்பெற முடியாமல் ஆக்குகிறோம் என்பதுதான் ஒவ்வொரு பண்டத்துக்கும் முடிவெடுக்கும் நேரம். அந்த நேரத்தை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு தகவல் கையில் சேரும்.

பொங்கலிலும் இதைச் செய்யலாம். 7 கிலோவையும் காலை ஐந்தரைக்கே ஏற்றத் தேவையில்லை. ஒரு கிலோ பச்சரிசியும் 400 கிராம் பாசிப்பருப்பும் சேர்ந்தால் 6 கிலோவுக்கு முன்பின்னாகப் பொங்கல் கிடைக்கும். ஆகவே, முதலில் நாலரைக் கிலோவுக்கு ஏற்றிவிட்டு, மீதி இரண்டரைக் கிலோவுக்கான அரிசியையும் வறுத்த பருப்பையும் அளந்து தனியாக வைத்துக்கொள்வது. சிறிய ஈடு பிரஷர் குக்கரில் அரை மணிக்குள் தாளிப்போடு தயாராகிவிடும். எட்டரைக்குக் கூடத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஒன்பது மணிக் கூட்டத்துக்குப் பொங்கல் சுடச்சுட இருக்கும்.

எட்டரைக்கு எதைப் பார்ப்பது? பஃபே வாசலில் அறை எண் பட்டியல் வைத்து டிக் அடிப்பார்கள் அல்லவா, அதுதான் இங்கே பெரிய கருவி. இந்த ஹோட்டலின் ஞாயிறுகளில் எட்டரைக்குள் மொத்தத்தில் 45 சதவீதம் பேர் வந்துவிடுவது வழக்கம் என்றால், 85 கவருக்கு 38 பேர் வந்திருக்க வேண்டும். வந்திருப்பது 46 பேர். எட்டு பேர் கூடுதல். இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். இன்று மொத்தமே அதிகம் வரப்போகிறது, அல்லது அதே ஆட்கள் இன்று சீக்கிரம் வந்துவிட்டார்கள். வெறும் தலை எண்ணிக்கை இதைச் சொல்லாது, பட்டியல் சொல்லும். மேற்பார்வையாளர் பார்க்கிறார். 46 பேரில் 11 பேர் கல்யாண அறைகளைச் சேர்ந்தவர்கள். மாத்திரை போடவேண்டிய பெரியவர்கள், தூங்கி எழுந்த பிள்ளைகள். மற்றவர்கள் 35 பேர், எதிர்பார்த்த 67 பேரில் பாதிக்குச் சற்று மேல். கோயிலுக்குப் போனவர்கள் இனிமேல்தான் வரவேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் முந்தியிருக்கிறது. 90க்குச் சற்று மேல் போகும் என்று அவர் சொல்கிறார். இதுவரை 46 பேருக்கு 3 கிலோ போயிருக்கிறது, ஆளுக்கு 65 கிராம். பாத்திரத்தில் ஒன்றரைக் கிலோ இருக்கிறது. வரப்போகும் நாற்பத்தைந்து பேருக்கு இன்னும் 3 கிலோ வேண்டும். இரண்டாவது ஈட்டை முழுசாக ஏற்றச் சொல்கிறார் செஃப்.

எட்டரை மணித் திருத்தம் ஒன்று இருந்தாலே முதல் நாள் கணிப்பின் பிழையில் பெரும்பகுதி சரியாகிவிடும். கணினி நிரல் எதையும் வாங்குமுன் ஒரு ஹோட்டல் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு பட்டியல், ஒரு தராசு, அரை மணிக்கு ஒருமுறை ஒரு எண்ணிக்கை.

இனி கடைசி அரை மணி நேரம். பஃபே மிச்சத்தில் பெரும்பங்கு உருவாவது அப்போதுதான். பத்தரைக்கு மூடும் பஃபேவில் பத்து மணிக்கு வருகிற விருந்தினரும் முழு வாடகை கொடுத்தவர்தான். அவருக்கும் பாத்திரங்கள் நிறைந்து தெரியவேண்டும் என்று ஒன்றேமுக்காலடி நீளச் சூடு தட்டுகளை மறுபடி நிரப்புவார்கள். சூடான பண்டம் பத்து இருந்து, மூடும்போது ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கிலோ கிடந்தால் 15 கிலோ. இந்த 15 கிலோவுக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை. 150 பேர் வந்த நாளில் அது ஆளுக்கு 100 கிராம் மிச்சம். 40 பேர் வந்த நாளில் ஆளுக்கு 375 கிராம். கூட்டம் குறைந்த நாளில்தான் பஃபே அதிகம் வீணாக்குகிறது. ஆகவே செய்யவேண்டிய அளவு என்பது ஆளுக்கு இத்தனை என்ற பெருக்கல் மட்டும் இல்லை. அதோடு காட்சிக்கு என்று ஒரு நிலையான அளவும் சேர்கிறது. கணிப்பை எவ்வளவு கூர்மையாக்கினாலும் அந்த நிலையான பகுதி அசையாது. அதைக் குறைக்கக் கணக்கு உதவாது, பாத்திரம்தான் உதவும். ஒன்பதே முக்காலுக்குப் பெரிய தட்டுகளை எடுத்துவிட்டுச் சிறிய கிண்ணங்களை வைப்பது, வடையையும் பூரியையும் கேட்டபின் போட்டுத் தருவது. முப்பது கவருக்குக் கீழே இறங்கும் நாளில் பஃபேவையே எடுத்துவிட்டு மேசையில் பரிமாறிவிடுவது மேல்.

மிஞ்சிய பொங்கலை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். சமைத்த உணவு பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கவேண்டும், சாதாரணச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பஃபேவில் மூன்று மணி நேரம் திறந்தும் மூடியும், பலர் கரண்டி விட்டும் இருந்த பண்டம் அது. அடுப்படியைவிட்டு வெளியே வராத இரண்டாவது ஈட்டின் மீதி வேறு கதை. ஈடுகளைப் பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஞாயிறு முடிந்தது. வந்தவர்கள் 92. செய்தது 7 கிலோ, மிச்சம் 900 கிராம். மிச்சத்தை மட்டும் பார்த்தால் கணிப்பு அச்சாகப் பொருந்திவிட்டது. பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை. கவர் 85 என்று சொன்னோம், ஏழு பேர் கூட வந்தார்கள். ஆளுக்கு 74 கிராம் என்று எதிர்பார்த்தோம், 6.1 கிலோவை 92 ஆல் வகுத்தால் 66. ஒரு பிழை மேலே போயிற்று, இன்னொன்று கீழே போயிற்று, இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. அடுத்த முறை இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் இரண்டு கிலோ மிஞ்சும், அல்லது ஒன்பதரைக்குத் தீர்ந்துபோகும். ஆகவே ஆள் கணக்கின் பிழையையும் அளவுக் கணக்கின் பிழையையும் தனித்தனியே எழுத வேண்டும். முதலாவது ஃப்ரண்ட் ஆபீஸின் கவனத்துக்கு, இரண்டாவது சமையலறையின் கவனத்துக்கு. ஒரே பக்கமாகத் தொடர்ந்து நாலைந்து வாரம் சாய்ந்தால் அது தற்செயல் இல்லை, எங்கோ ஓர் எண் பழசாகிவிட்டது என்று பொருள்.

ஒரு நாளைப் பார்த்து எண்ணை மாற்றிவிடவும் கூடாது. பழைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நகர்த்துவது பழக்கத்தில் நன்றாக வேலை செய்யும் முறை. 74க்கும் 66க்கும் வித்தியாசம் 8. அதில் ஐந்தில் ஒன்று ஒன்றரைக்குச் சற்று மேல். அடுத்த ஞாயிறுக்கு 72 முதல் 73 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். புது சமையல்காரர் வந்து மிளகை மாற்றினாலும், பக்கத்தில் ஒரு புதுப் பண்டத்தை வைத்தாலும் சில வாரங்களில் எண் தானாக அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த முறை கைவிடும் நாட்களும் உண்டு. சித்திரைத் திருவிழா வருடத்துக்கு ஒருமுறைதான். ஆறு ஞாயிறு சராசரி அங்கே செல்லாது. போன வருடத்து அதே தேதியைப் பார்த்தால் இன்னும் பெரிய தவறு. கள்ளழகர் வைகையில் இறங்குவது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி. ஆங்கிலத் தேதியில் அது ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் நடுவில் நகர்ந்துகொண்டே இருக்கும். திருக்கல்யாணத்தன்று என்ன நடந்தது, அழகர் இறங்கிய அன்று என்ன நடந்தது என்று திருவிழா நாளுக்குத் திருவிழா நாளைத்தான் ஒப்பிட வேண்டும். அப்போதும் கையில் இருப்பது ஒன்றிரண்டு வருடப் பதிவுதான் என்பதால் அன்றைக்கு எட்டரை மணித் திருத்தத்தையே நம்ப வேண்டியிருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் முட்டை குறைந்து பொங்கலும் இட்லியும் ஏறும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் தங்கும்போதும் அப்படியே. அதோடு அவர்கள் கிளம்பும் நேரமும் முந்திவிடும். இவற்றையெல்லாம் சாதாரண நாட்களின் சராசரிக்குள் கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.

அந்த ஞாயிறு நண்பகலில் திங்கள் காலைக்கு அரிசி ஊறப்போடவேண்டிய நேரம் வருகிறது. கல்யாண வீட்டார் 28 அறைகளைக் காலி செய்கிறார்கள், 12 அறைகளில் 36 பேர் இன்னும் ஒரு நாள் தங்குகிறார்கள். ஞாயிறு காலை 100க்கு 15 பேர் வந்த அதே கூட்டம். ஆனால் திங்களன்று மண்டபமும் இல்லை, பந்தியும் இல்லை. களைத்துத் தூங்கி எட்டரைக்கு மேல் எழுந்து, ஏறக்குறைய எல்லோருமே கீழே இறங்குவார்கள். அவர்களை 15 சதவீதத்தில் போட்டால் ஐந்து பேர், 95 சதவீதத்தில் போட்டால் முப்பத்து நான்கு பேர். செஃப் அந்த 36 பேரையும் குடும்பங்களின் பத்தியில் எழுதச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கிலோ அரிசியைச் சேர்த்து ஊறப்போடுகிறார்.